கையெழுத்து இல்லாத ஆர்டரும் செல்லும்

திருப்பூரில் பகலில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்துக்கொண்டு, இரவில் சட்டத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இணையச் சட்டத் தாளின் கொள்குறி வினாக்களில் அவர்கள் தவறுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். ஒப்பந்தம் உண்டானதா, அதை நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பது என்பவை இரண்டு தனிக் கேள்விகள். வினா ஒன்றைக் கேட்கும், இவர்கள் இன்னொன்றுக்கு விடை எழுதுவார்கள்.

நம்பிக்கை: கையெழுத்தும் முத்திரையும் இல்லாத மின்னஞ்சல் ஆர்டர் செல்லாது.

டிரைமெக்ஸ் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது. பாக்சைட் தாது ஐந்து கப்பல் சரக்கு தருவதாக 2007 அக்டோபரில் டிரைமெக்ஸ் மின்னஞ்சல் அனுப்பியது. மறுநாளே வேதாந்தா மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டது. பிறகு பின்வாங்கி, முறையான ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்திடவில்லையே என்று வாதிட்டது. விலை, அளவு, அனுப்பும் முறை போன்ற முக்கிய நிபந்தனைகள் மின்னஞ்சல்களிலேயே முடிவாகிவிட்டதால் ஒப்பந்தம் உண்டாகிவிட்டது, பின்னால் காகிதம் தயாராகாதது அதைக் கெடுக்காது என்றது நீதிமன்றம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது 2009 அக்டோபர் 27 அன்று. மேற்சொன்ன மின்னஞ்சல்களோ 2007இல் போனவை. மின்னணு வழியில் ஒப்பந்தம் செய்யும் உரிமையை 10ஏ புதிதாகப் படைத்துவிடவில்லை. மின்னணு வழியில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தை ஒதுக்கிவிடக் கூடாது என்று அது சொல்கிறது. ‘ஒரே காரணத்துக்காக’ என்ற சொல்லில்தான் வினாத்தாள் பொறி வைக்கிறது. ‘இணையவழி ஒப்பந்தங்கள் எல்லாம் செல்லும்’ என்ற விடை தவறு. 17 வயதுப் பையன் இணையத்தில் செய்த ஒப்பந்தம், காகிதத்தில் செய்தால் எப்படிச் செல்லாதோ அப்படியே செல்லாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் கேட்கும் தகுதிகள் அனைத்தும் இங்கேயும் வேண்டும்.

கையெழுத்தைப் படமெடுத்து பிடிஎஃப் ஆர்டரில் ஒட்டி அனுப்புவது நம் ஊரில் சகஜம். சட்டம் சொல்லும் மின்னணுக் கையொப்பம் அதுவல்ல. டோக்கனில் இருக்கும் டிஜிட்டல் கையொப்பமும், ஆதார் வழியாக இடும் கையொப்பமும் அந்த வகை. அதற்காக ஒட்டிய படம் உள்ள ஆர்டர் வீணாகிவிடாது. நிபந்தனைகளை எதிர்த்தரப்பு ஏற்றுக்கொண்டிருந்தால் ஒப்பந்தம் உண்டு. ‘மின்னணு ஒப்பந்தத்துக்கு டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம்’ என்ற விடையைத் தொடாதீர்கள். வேறொரு சட்டம் ஓர் ஆவணத்தில் கையெழுத்து வேண்டும் என்று கேட்கும்போதுதான், அந்த இடத்தை மின்னணுக் கையொப்பம் நிரப்பும் என்ற 5ஆம் பிரிவு தேவைப்படுகிறது.

நம்பிக்கை: சர்வர் இருக்கும் ஊர்தான் ஒப்பந்தம் உண்டான ஊர்.

ஒரு கணக்காகப் பார்ப்போம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை. திருப்பூர் நிட்டிங் யூனிட் ஒன்றுக்கு நூல் விலையை மின்னஞ்சலில் அனுப்புகிறது. மூன்று நாளுக்குள் சம்மதம் வர வேண்டும், ஆலையின் ஆர்டர் முகவரிக்கே வர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. மூன்றாம் நாள் இரவு 11.50க்குத் திருப்பூர்க்காரர் சம்மதம் அனுப்புகிறார். அந்த நிமிடமே அது ஆலையின் அஞ்சல் பெட்டிக்குள் நுழைகிறது. சர்வர் மும்பையில். ஆலை மேலாளர் சென்னை போகும் ரயிலில் இருக்கிறார், மறுநாள் காலையில்தான் திறந்து பார்க்கிறார்.

சம்மதம் எப்போது கிடைத்தது? இரவு 11.50க்கு. குறிப்பிட்ட முகவரி கொடுத்திருந்தால், செய்தி அதற்குள் நுழைந்த நேரமே கிடைத்த நேரம் என்கிறது 13ஆம் பிரிவு. இதையே மேலாளரின் சொந்த முகவரிக்கு அனுப்பியிருந்தால், அதை அவர் எடுத்த நேரம்தான் கணக்கு. திருப்பூர்க்காரர் ஒரு நாள் தாமதம். தெரிந்த பையன்தானே என்று தனி முகவரிக்கு அனுப்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எங்கே கிடைத்தது? ராஜபாளையத்தில். மும்பையும் ரயிலும் கணக்கிலேயே வராது. பெறுபவரின் தொழில் நடக்கும் இடமே கிடைத்த இடம், கணினி எங்கிருந்தாலும். பி.ஆர். டிரான்ஸ்போர்ட் ஏஜென்சி தொடுத்த வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் 2005இல் இதே வழியில்தான் போனது. நிலக்கரி மின்னேலத்தில் கேட்ட விலையை ஏற்றுக்கொண்ட மின்னஞ்சல், உத்தரப் பிரதேசத்தில் தொழில் நடத்தியவருக்கு வந்ததால், அங்கேயே வழக்குப் போடலாம் என்றது. இரு தரப்பும் வேறு மாதிரி பேசி வைத்திருந்தால் அந்தப் பேச்சே நிற்கும். ‘வேறு உடன்பாடு இல்லாதபோது’ என்ற சொற்கள் வினாவில் இருக்கின்றனவா என்று கண்ணால் தேடுங்கள்.

நம்பிக்கை: வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதும்.

இது நிரூபிக்கும் கேள்வி. ஜாப் ஒர்க் கூலியை வாட்ஸ்அப்பில் பேசி முடித்தால் ஒப்பந்தம் உண்டு. ஆனால் அந்த அரட்டையின் நகலை நீதிமன்றம் ஏற்க, சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 65பி. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு. புதிய படிவத்தில் இரண்டு பகுதிகள்: ஒன்றை ஆவணத்தைக் கொடுப்பவரும், மற்றதை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும் என்பதால், அதன் பிறகு கோப்பில் கை வைத்தால் பிடிபடும்.

உரையாடல் இருக்கும் போனையே அதன் உரிமையாளர் சாட்சிக் கூண்டில் கொண்டுவந்து காட்டினால் சான்றிதழ் தேவையில்லை என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. போனை மாற்றும்போது பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுகிறவர்கள் இந்த வழியை இழக்கிறார்கள். பாக்கி வர வேண்டிய கணக்கு உள்ள போனைப் பத்திரமாக வையுங்கள்.

நம்பிக்கை: வீடு, நிலம் விற்கும் ஒப்பந்தத்துக்கு மின்னணுச் சட்டம் பொருந்தாது.

2022 வரை இது சரியான விடை. சட்டத்தின் முதல் அட்டவணையில் உயில், அறக்கட்டளை, பவர் பத்திரம், காசோலை தவிர்த்த மாற்றுமுறை ஆவணங்கள் ஆகியவற்றோடு அசையாச் சொத்து விற்பனையும் விலக்காக இருந்தது. 2022 அக்டோபரில் வந்த அறிவிப்பு, சொத்து விற்பனையை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ரிசர்வ் வங்கி, செபி போன்றவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குச் சாதகமான கேட்பு உறுதிச்சீட்டுகளுக்கும், அவற்றுக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரங்களுக்கும் வழிவிட்டது. உயிலும் அறக்கட்டளையும் விலக்கிலேயே தொடர்கின்றன. விற்பனையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி தனிச் சட்டத்தில் உள்ளது, அது அப்படியே இருக்கிறது.

கையில் இருக்கும் வினாவங்கியின் முதல் பக்கத்தில் அச்சான ஆண்டைப் பாருங்கள். 2022 அக்டோபருக்கு முந்தையது என்றால் விலக்குப் பட்டியல் வினாவுக்கும், 2024 ஜூலைக்கு முந்தையது என்றால் 65பி வினாவுக்கும் அதில் உள்ள விடையை அடித்துத் திருத்திவிட்டுப் படியுங்கள்.