குழாயில் வெள்ளைக் கறை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

போர் தண்ணீர் வரும் வீடுகளில் ஷவரின் துளைகள் ஒவ்வொன்றாக அடைபட்டு, தண்ணீர் கோணல்மாணலாகப் பீய்ச்சும். குழாயின் கழுத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டும். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சோப்புக்கு அசையாது, அமிலத்தில் கரையும். எந்த அமிலம், எவ்வளவு நேரம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

நம்பிக்கை: பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் ஒரே நிமிடத்தில் போய்விடும்.

உண்மை: கறை போகும், குரோமியப் பூச்சும் சேர்ந்து போகும். கடையில் விற்கும் அந்த ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது குரோமியத்தையே கரைக்கும். ஒருமுறை போன பளபளப்பை எதைத் தேய்த்தாலும் மீட்க முடியாது. அதன் புகை பக்கத்திலிருக்கும் ஸ்டீல் பொருட்களிலும் துருவேற்றும். வினிகரோ சிட்ரிக் ஆசிட் தூளோ போதும்.

நம்பிக்கை: இரவு முழுக்க ஊறினால்தான் கறை விடும்.

உண்மை: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் தூளைக் கரையுங்கள். ஷவரைக் கழற்றி, அரை மணி நேரம் மூழ்க வையுங்கள். பொருக்கிலிருந்து குமிழி கிளம்பினால் அமிலம் வேலை செய்கிறது என்று பொருள். குமிழி நின்றும் கறை மிச்சமிருந்தால், நேரத்தை நீட்டாமல் கரைசலை மாற்றுங்கள். பழையதில் அமிலம் தீர்ந்திருக்கும். நீர் நீலப்பச்சையாக மாறினால் உள்ளே பித்தளை கரைகிறது, உடனே எடுத்துவிடுங்கள். பிறகு பழைய பல்துலக்கியால் துளைகளைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். சுவரில் பொருத்திய குழாய்க்கு, அதே கரைசலில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் போதும். தங்க நிறப் பூச்சு, கறுப்பு வண்ணப் பூச்சு உள்ளவற்றில், முதலில் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் ஐந்து நிமிடம் மட்டும் வைத்துப் பாருங்கள்.

நம்பிக்கை: வினிகரில் சமையல் சோடா கலந்தால் இருமடங்கு வேகம்.

உண்மை: பொங்கி வரும் நுரையைப் பார்த்து ஏமாற வேண்டாம். சோடா அமிலத்தின் வீரியத்தைத்தான் கெடுக்கிறது. கறையைக் கரைக்க வேண்டிய அமிலம் சோடாவிலேயே செலவாகிவிடுகிறது.

நம்பிக்கை: பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் சுத்தமாகும்.

உண்மை: இது ஆபத்து. அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சிறிய குளியலறையில் மூச்சுத்திணறலே வந்துவிடும். ஒன்றைப் பயன்படுத்திய இடத்தை நன்றாக அலசாமல் மற்றொன்றைத் தொடாதீர்கள்.

நம்பிக்கை: எலுமிச்சை, வினிகர் எல்லாம் சாப்பிடுகிற பொருள்தானே, எங்கே சிந்தினாலும் பரவாயில்லை.

உண்மை: மார்பிளும் கால்சியம் கார்பனேட்டே. ஒரு சொட்டு சிந்தினாலும் அந்த இடம் பளபளப்பிழந்து தழும்பாகிவிடும். தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, கையுறை அணிந்து வேலையைத் தொடங்குங்கள். கண்ணில் பட்டால் நிறைய தண்ணீரால் கழுவுங்கள்; எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

உப்புத் தண்ணீர் வருகிற வரை இந்தக் கறை மறுபடியும் படியத்தான் செய்யும். குளித்து முடித்ததும் குழாயை ஒரு துணியால் துடைத்துவிட்டால், அமிலத்தைத் தேடிப்போகும் நாட்கள் குறையும்.