சந்தை நாளில் மட்டும் நான்கு மாத்திரை

மருந்துக் கவுண்டரில் மாத்திரைகளைக் கொடுத்து, உபயோகிக்கும் விதத்தையும் விளக்கிவிட்டு, இறுதியில் "புரிந்ததா?" என்று கேட்பதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்கும் வேளையில், படித்தவர் என்று தாம் மதிக்கும் ஒருவரைப் பார்த்து, "புரியவில்லை" என்று சொல்லத் துணிகிறவர்கள் மிகச் சிலரே. ஏனையோர் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆகையால், கொஞ்சம் பிசகினாலும் விபரீதமாக முடியக்கூடிய மருந்துகளைக் கொடுக்கும்போதாவது, நோயாளி தாம் கிரகித்துக்கொண்டதைத் தம் வாயாலேயே திரும்பச் சொல்லும்படி கேட்பதை வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். மருத்துவ உலகில் 'டீச்-பேக்' என்று வழங்கும் முறை இதுதான்.

அத்தகைய மருந்துகளுள் முதன்மையானது, முடக்கு வாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட். அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் உட்கொள்ள வேண்டும். உயிரணுக்கள் பெருகுவதற்கு அவசியமான ஃபோலிக் அமிலத்தின் வேலையை அது தடுப்பதால், இடையில் விடும் ஆறு நாட்களில்தான் எலும்பு மஜ்ஜையும் வாய், குடல் ஆகியவற்றின் மென்தோலும் தம்மைச் சீர்படுத்திக்கொள்கின்றன. தினந்தோறும் விழுங்கினால் அந்த அவகாசம் அற்றுப்போய், வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து, பிராணாபத்தே நேரலாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தினசரி மாத்திரை போட்டே பழகியவர்களுக்கு, வாரம் ஒரு முறை என்னும் ஏற்பாடு மனத்தில் எளிதில் பதிவதில்லை.

வயல் வேலை செய்யும் ஓர் அம்மாள் வந்திருந்தார். மெத்தோட்ரெக்சேட் வாரம் 10 மில்லிகிராம், அதாவது 2.5 மில்லிகிராம் மாத்திரை நான்கு, திங்கட்கிழமை. ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் ஒன்று, வியாழக்கிழமை என்பது சீட்டில் கண்டிருந்தது. விளக்கிச் சொன்ன பிறகு, "நான் ஒழுங்கா விளங்கச் சொன்னேனான்னு பார்க்கணும்மா. வீட்டுக்குப் போனதும் உங்க மகன் கேட்டா, இந்த மாத்திரையை எப்படிப் போடணும்னு சொல்லுவீங்க?" என்றேன். கேள்வியை இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு: பரீட்சை தமக்கல்ல, விளக்கியவனுக்கே என்று தோன்றினால்தான் கூச்சமின்றிப் பதில் வரும். அந்த அம்மாள் சற்றும் தயங்காமல், "திங்கக்கிழமை ஆரம்பிச்சு, தினம் நாலு போடணும் சார்" என்றார். கிழமையும் எண்ணிக்கையும் பிழையற்றவை. ஆனால் திங்கட்கிழமையை அவர் தொடங்கும் நாளாக எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் முன்பு சொன்னதையே இன்னும் உரத்த குரலில் சொல்வது வீண். வழியையே மாற்ற வேண்டும். திங்கட்கிழமை அவர் ஊரில் என்ன விசேஷம் என்று விசாரித்தேன். "சந்தை சார்" என்றார். "சந்தை அன்னைக்கு மட்டும் நாலு. அடுத்த சந்தை வர்ற வரைக்கும் இந்தக் கவரைத் தொடவே கூடாது" என்று சொல்லி, மறுபடியும் அவரையே சொல்லச் செய்தேன், இம்முறை சரியாக வந்தது.

சொன்னதை ஒப்பிப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு என்பதால், "ஒரு சந்தை அன்னைக்கு மறந்துபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்றும் கேட்டேன். "அடுத்த வாரம் சேர்த்து எட்டாப் போட்டுக்குவேன்" என்றார்! இரண்டு நாளைக்குள் ஞாபகம் வந்தால் அந்த நான்கைப் போட்டுக்கொள்ளலாம், அதற்குமேல் ஆனால் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும், எக்காரணத்தாலும் எட்டுப் போடலாகாது என்பதை விளக்கி, அதையும் திரும்பக் கேட்டு வாங்கினேன். பிறகு, மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் அமிலம் இரண்டும் மஞ்சள் நிறச் சிறு மாத்திரைகளாகவே இருந்தபடியால், அவற்றைத் தனித்தனிக் கவர்களில் இட்டு, "சந்தை நாள் கவர் எது?" என்று கையால் எடுத்துக் காட்டச் சொன்னேன். வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ, தொண்டை வலியோ கண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்பதே நான் கடைசியாகச் சொல்லச் செய்தது.

இவ்வளவும் எல்லோருக்கும் செய்ய வரிசை இடம் கொடாது. வாராந்திர மாத்திரை, இன்சுலின், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்து, குழந்தைகளுக்கான சிரப் ஆகியவற்றுக்கு நான் விடுவதில்லை. இரண்டு முறை விளக்கியும் பதில் பிசகினால், கூட வந்தவரை அழைத்து அவரிடம் ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறேன். ஒருவரும் வராவிட்டால் வைத்தியரிடமே திருப்பி அனுப்புகிறேன்.

மெத்தோட்ரெக்சேட்டை ஒரு தடவையில் நான்கு வாரத்துக்குமேல் கொடுப்பதில்லை. அந்த அம்மாளுக்குக் கொடுத்தவை 16 மாத்திரைகள். தினம் நான்காக விழுங்கினால் நான்கே நாளில் தீர்ந்து, ஐந்தாம் நாள் கவுண்டருக்கு வந்து நிற்க நேரும். மறுமாதம் வருகிறவர்களிடம், புது மாத்திரையை எடுப்பதற்கு முன்பே, போன மாதம் எப்படிப் போட்டார்கள் என்பதைச் சொல்லச் சொல்லி, கவரில் மீந்திருப்பதையும் எண்ணிப் பார்த்துவிடுகிறேன்.