ப்ளஸ் என்றால் லாபம் என்று யார் சொன்னது?

ஒரு பின்னலாடை நிறுவனத்தின் மாத அறிக்கை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். விற்பனைக்கு பட்ஜெட் 50 லட்சம், ஆனது 47 லட்சம். நூலுக்கு 30 லட்சம் ஒதுக்கி 33 லட்சம் செலவாகியிருக்கிறது. கூலி 8 லட்சத்துக்குப் பதில் 7.6 லட்சம், மின்சாரம் 4 லட்சத்துக்குப் பதில் 4.6 லட்சம். வித்தியாசப் பத்தியின் அடியில் ‘+20,000’ என்று கூட்டுத்தொகை நிற்கிறது. பார்த்தவுடன் நிம்மதியாகத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியவை

• முதலில் லாபத்தைத் தனியே கணக்கிடுங்கள். பட்ஜெட் லாபம் 8 லட்சம், கிடைத்தது 1.8 லட்சம். அதாவது 6.2 லட்சம் குறைவு. அறிக்கை சொல்லும் 20,000 எங்கிருந்து வந்தது? எல்லா வரிகளிலும் ‘ஆனதில் பட்ஜெட்டைக் கழி’ என்ற ஒரே சூத்திரத்தை இழுத்துவிட்டிருக்கிறார்கள். விற்பனையில் விழுந்த 3 லட்சத்தை, நூலில் கூடுதலாகப் போன 3 லட்சம் அடித்துவிட்டது. இரண்டுமே நமக்கு நஷ்டம்.

• வரவுக்கு 1, செலவுக்கு -1 என்று D பத்தியில் குறித்துவிட்டு, E பத்தியில் வித்தியாசத்தையும் F பத்தியில் சதவீதத்தையும் போடுங்கள். B பட்ஜெட், C ஆனது.

```
E2: =(C2-B2)*D2
F2: =E2/ABS(B2)
```

இப்போது நான்கு வரிகளும் -3, -3, +0.4, -0.6 லட்சம் என்று வரும். கூட்டினால் -6.2 லட்சம், லாபக் குறைவோடு சரியாகப் பொருந்தும்.

• மென்பொருளிலிருந்து எடுத்த தொகைகளில் விற்பனை மைனஸாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். கிரெடிட் பாக்கி என்பதால் சில மென்பொருள்கள் அப்படித் தரும். அதைத் திருத்திய பிறகே சூத்திரம்.

செய்யக்கூடாதவை

• சதவீதங்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். -6, -10, +5, -15 ஆகியவற்றின் சராசரி -6.5. லாபம் உண்மையில் 77.5 சதவீதம் சரிந்திருக்கிறது. முதலாளி 6.5 என்று படித்துவிட்டு அடுத்த மாதமும் அதே விலைக்கு நூல் வாங்கச் சொல்வார். எனக்கு மிகவும் கவலை தருவது இந்தத் தவறுதான்.

• ஆன தொகையால் வகுக்காதீர்கள். மின்சாரத்தின் 15 சதவீதம் 13 ஆகச் சுருங்கிவிடும்.

• பட்ஜெட்டே நஷ்டமாக இருக்கும் வரியில் ABS இல்லாமல் வகுக்காதீர்கள். 2 லட்சம் நஷ்டம் எதிர்பார்த்து 3 லட்சம் ஆனால், மைனஸை மைனஸ் வகுத்து ‘+50%’ என்று காட்டும்.

• பட்ஜெட் பூஜ்ஜியமாக இருந்தால் 100% என்று நிரப்பாதீர்கள். ‘பட்ஜெட் இல்லை’ என்று எழுதி, தொகையை மட்டும் காட்டுங்கள்.

• சிவப்பு, பச்சை நிறங்களை நம்பாதீர்கள். பழைய சூத்திரத்தில் கூலியில் மிச்சமான 40,000 சிவப்பாகவும், மின்சாரத்தில் கூடுதலாகப் போன 60,000 பச்சையாகவும் தெரிந்திருக்கும்.

• தப்பான குறியைக் கட்டத்துக்குள் கையால் மாற்றி எழுதாதீர்கள். சூத்திரம் அழிந்துபோகும். அடுத்த மாதம் புதுத் தொகைகளை ஒட்டும்போது அந்தக் கட்டத்தில் இந்த மாத வித்தியாசமே அப்படியே உட்கார்ந்திருக்கும்.