அட்சய திருதியையும் செய்கூலிச் சலுகையும்

கேள்வி: அட்சய திருதியைக்கான நகைக்கடை விளம்பரத்தை மிகைப்படுத்தாமல் எழுதுவது எப்படி?
– வாசகர், முரசுமோட்டை

பதில்: சித்திரை வளர்பிறையின் மூன்றாம் திதியாகிய அட்சய திருதியையில் தொடங்குவது குறையாது வளரும் என்பது வழிவழி வந்த நம்பிக்கையாதலால், அதை நம்பிக்கையாகவே கூற வேண்டுமேயன்றி, தங்கத்தின் விலை உயரும் என்ற வாக்குறுதியாக மாற்றுதல் தகாது.

நகை செய்யும் உழைப்புக்கான கட்டணமாகிய செய்கூலியைக் குறைத்துவிட்டு, உருக்கும்போதும் அராவும்போதும் இழக்கப்படும் பொன்னுக்காகச் சேர்க்கப்படும் சேதாரத்தைக் கூட்டினால், சலுகை பெயரளவில் மட்டுமே நிற்கும். ஒரு பவுண், அதாவது 8 கிராம் நிறையுள்ள சங்கிலிக்குச் சேதாரம் 8 வீதத்திலிருந்து 12 வீதமாக உயர்ந்தது எனக் கொண்டால், வாங்குபவர் 0.32 கிராம் பொன்னின் விலையைக் கூடுதலாகச் செலுத்துகிறார். அது தள்ளுபடியான செய்கூலியை விஞ்சவும் கூடும்.

ஆகவே வாசகம் இவ்வாறு அமையலாம்: “திருதியை நாளில் 22 கரட் சங்கிலிகளுக்குச் செய்கூலியில் பாதி, சேதாரம் வழமைபோல் 8 வீதமே, நிறை, கரட், செய்கூலி, சேதாரம் ஆகியவை பற்றுச்சீட்டில் தனித்தனியே எழுதித் தரப்படும்.”

இடப்பெயர்வுக் காலங்களில் நகையை விற்றே நாள்களைக் கடத்திய குடும்பங்கள் பல வாழும் வன்னியில், நகையை மீள விற்கும்போது செய்கூலியும் சேதாரமும் திரும்பக் கிடைப்பதில்லை என்பதையும் அதே எழுத்தளவில் அச்சிடுதல் வேண்டும்.