போனில் இருக்கும் பெயரும் பணம் போய்ச் சேரும் கணக்கும்

பைத்துல்மால் உதவித்தொகையை இப்போது பலர் செல்போன் வழியாகவே அனுப்புகிறோம். ஜி-பே, போன்பே போன்ற செயலியைத் திறந்தால் நம் போனில் உள்ள பெயர்கள் வரிசையாக வருகின்றன. சிலருக்கு உடனே பணம் அனுப்ப முடிகிறது. சிலருக்கு "அழைப்பு அனுப்பவும்" என்று வருகிறது. யார் பணம் பெறக்கூடியவர், யார் இல்லை என்பது செயலிக்கு எப்படித் தெரிகிறது? இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். தவறான இடத்துக்குப் பணம் போவதில் ஒரு வகைக்குக் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

செயலியை முதன்முதலில் போடும்போது "தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கவா?" என்று கேட்கும். அனுமதித்ததும் நம் போனில் உள்ள எண்கள் அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போகின்றன. நாம் ஒரே எண்ணை +91 சேர்த்தும், முன்னால் 0 சேர்த்தும், நடுவில் இடைவெளி விட்டும் சேமித்திருப்போம். அவற்றையெல்லாம் வெறும் பத்து இலக்கமாக்கி, தன்னிடம் பதிவு செய்தவர்களின் பட்டியலோடு அது ஒப்பிடும். பொருந்திய எண்கள் "இவர் இருக்கிறார்" என்ற குறியோடு நம் திரைக்குத் திரும்பி வரும்.

எண்ணை அப்படியே அனுப்பாமல், உருமாற்றி ஒரு நீண்ட எழுத்துக்கோவையாக அனுப்பும் முறையும் உண்டு. அதனால் எண் மறைந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். இந்தியச் செல்போன் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கி, பிறகு ஒன்பது இலக்கங்கள் கொண்டவை. மொத்தமே 400 கோடிதான். அத்தனையையும் ஒவ்வொன்றாக உருமாற்றிப் பார்த்து எது பொருந்துகிறது என்று கண்டுபிடிப்பது இன்றைய கணினிக்குப் பெரிய வேலையில்லை. நம் போனில் இருப்பது நம்முடைய எண் மட்டுமல்ல. நம்மை நம்பிப் பிறர் கொடுத்த எண்களும்தான். அந்த அனுமதியைக் கொடுக்கும் முன் இது நினைவில் இருக்கட்டும். அனுமதிக்காவிட்டாலும் எண்ணைத் தட்டச்சு செய்தோ, க்யூஆர் ஸ்கேன் செய்தோ பணம் அனுப்பலாம். ஏற்கெனவே அனுமதித்திருந்தால் போனின் செட்டிங்ஸில் அந்தச் செயலியின் அனுமதிகள் பகுதிக்குப் போய் நிறுத்திக்கொள்ளலாம்.

நம்மிடம் ஒரு செயலி, எதிரே இருப்பவரிடம் வேறொரு செயலி என்றால்? யூபிஐ 2016-ல் வந்தபோது, பிற செயலி வைத்திருப்பவருக்கு அனுப்ப @ குறியோடு கூடிய முகவரியைக் கேட்டு வாங்கி அடிக்க வேண்டியிருந்தது. பின்னர் தேசிய கொடுப்பனவுக் கழகம் (என்பிசிஐ) ஒரு பொதுப் பதிவேட்டை ஏற்படுத்தியது. "இந்தப் பத்து இலக்க எண்ணுக்கு இந்த யூபிஐ முகவரி" என்று அதில் இருக்கும். ஒரே எண்ணில் இரண்டு மூன்று செயலிகள் வைத்திருப்பவருக்கும் அதில் ஒரு நேரத்தில் ஒரு முகவரிதான். ஆக, எண் என்பது வெறும் அடையாளச் சீட்டு. அந்தச் சீட்டு எந்தக் கணக்கைக் காட்டுகிறது என்பது செயலியின் பதிவேட்டிலும் கழகத்தின் பதிவேட்டிலும் எழுதியிருப்பதைப் பொறுத்தது.

இனி ஒரு உதாரணத்தைப் பார்ப்போம். கல்வராயன் மலைப் பக்கம் இருக்கும் ஒரு சகோதரிக்கு மாதம் 1,500 ரூபாய் அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நம் போனில் "ஃபாத்திமா அக்கா" என்று சேமித்திருக்கிறோம். ரீசார்ஜ் செய்ய முடியாமல் அவர் சிம் நின்றுவிடுகிறது. புதிய எண் வாங்கிவிட்டார், நமக்குச் சொல்ல மறந்துவிட்டார். பழைய எண் துண்டிக்கப்பட்டு 90 நாள் கழிந்தபின், தொலைபேசி நிறுவனம் அதை வேறு மாவட்டத்தில் ஒருவருக்கு விற்கலாம்.

முதல் கட்டத்தில் ஒன்றும் தெரியாது. பதிவேடு இன்னும் பழைய முகவரியையே காட்டுவதால் பணம் அக்காவின் கணக்குக்கே போகும். பிறகு புதிய உரிமையாளர் செயலியில் பதிவு செய்கிறார். பதிவின்போது அவர் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகப் போய் எண் அவருடையதுதான் என்று உறுதியாகிறது. அந்த எண்ணுடன் இணைந்த வங்கிக் கணக்கும் தேடப்படுகிறது. பதிவேடு அவர் பக்கம் திரும்பிவிட்டால், அடுத்த மாதம் நாம் அனுப்பும் 1,500 அவருக்குப் போகும். நம் திரையிலோ இப்போதும் "ஃபாத்திமா அக்கா" என்றே வரும்! ஏனென்றால் பட்டியலில் தெரியும் அந்தப் பெயர் வங்கி கொடுத்ததல்ல, நாமே எழுதி வைத்தது.

இதற்கு நேரெதிராகவும் நடக்கலாம். அந்தப் புதிய உரிமையாளருக்கு யாரோ பணம் அனுப்ப, பதிவேடு திருத்தப்படாமல் இருந்தால், அது அக்காவின் கணக்கில் விழும். அவருக்கு இது யாருடைய பணம் என்றே தெரியாது.

இந்தக் கோளாறைக் குறைக்கத்தான் கழகம் 2025 மார்ச் மாதம் ஒரு சுற்றறிக்கை விட்டது. துண்டிக்கப்பட்ட, கைமாறிய எண்களின் அரசுப் பட்டியலைக் கொண்டு வங்கிகளும் செயலிகளும் வாரம் ஒருமுறையாவது தங்கள் பதிவேட்டைத் திருத்த வேண்டும் என்றது. ஒருவரின் எண்ணைப் பொதுப் பதிவேட்டில் சேர்க்கவோ வேறு செயலிக்கு மாற்றவோ அவருடைய தெளிவான சம்மதம் வேண்டும். பணம் அனுப்பும் நடுவில் அந்தச் சம்மதத்தைக் கேட்கக் கூடாது என்றும் சொன்னது. ஆனால் வாரம் ஒருமுறை என்றால் இடையில் சில நாட்கள் பழைய விவரமே இருக்கத்தான் செய்யும்.

இன்னொரு மாற்றம் நமக்கு நேரடியாக உதவுவது. 2025 ஜூன் 30 முதல், தொகையை அனுப்பும் முன் வரும் திரையில் வங்கிக் கணக்கில் பதிவான பெயரையே காட்ட வேண்டும். நாம் வைத்த செல்லப்பெயரையோ க்யூஆர் குறியில் எழுதியிருப்பதையோ காட்டக் கூடாது. ஆகவே பட்டியலில் உள்ள பெயரை நம்பாமல், பின் எண் போடும் முன்னர் வங்கிப் பெயரைப் படியுங்கள். "ஃபாத்திமா அக்கா"வைத் தொட்டபின் எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் ஆணின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்தி, அக்காவை வேறு வழியில் கேட்டுவிடுங்கள். கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ கணக்கு இருக்கக்கூடும். அதை அவரே சொல்ல வேண்டும். நீண்ட நாள் அனுப்பாதவருக்கு 1 ரூபாய் முதலில் அனுப்பி, வந்ததா என்று போனில் கேட்ட பிறகு மீதியை அனுப்புவது எளிது. அவரது வங்கிப் பாஸ்புத்தகத்தில் உள்ள பெயரை நம் உதவிப் பதிவேட்டிலும் எழுதி வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

வளைகுடாவில் இருக்கும் உறவினர்களின் எண்கள் பட்டியலில் ஏன் வருவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். வெளிநாட்டு எண்ணுடன் யூபிஐ பயன்படுத்த 2023-ல் வழி செய்யப்பட்டது. சவூதி, அமீரகம், கத்தார், ஓமன் உள்ளிட்ட 10 நாடுகளின் எண்கள் அப்போது அதில் அடங்கின. ஆனால் அவரிடம் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு இருந்து, அது அந்த எண்ணோடு இணைந்திருக்க வேண்டும். குவைத் எண் அந்தப் பத்தில் இருக்கவில்லை.

தவறாகப் போய்விட்டால் செயலியிலேயே அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதிவு செய்து, அதே நாளில் உங்கள் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். 12 இலக்க யூடிஆர் எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பெற்றவரின் சம்மதம் இல்லாமல் வங்கி தானாக எடுத்துத் தராது. அவரது வங்கி மூலம் கேட்டுப் பெற முயலும். யாரோ ஏமாற்றி வாங்கியிருந்தால் மட்டும் 1930 என்ற சைபர் உதவி எண்ணுக்கு அழைக்கவும். நம் கையாலேயே தவறான எண்ணுக்கு அனுப்பியதற்கு அது பொருந்தாது. உங்கள் செல்போன் எண்ணை மாற்றினால் வங்கியில் பழைய எண்ணை நீக்கச் சொல்லிவிட்டு, டிரஸ்ட் அலுவலகத்திலும் புதிய எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.