முக்கால் மணி நேரப் பேச்சு, மூன்று பக்கக் குறிப்பு

கேள்வி: திருவையாறு பக்கம் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராகப் பொறுப்பேற்கப் போகிறேன். மாறுதலில் போகிறவர் எல்லா விவரத்தையும் முக்கால் மணி நேரம் பேசிப் பதிவுசெய்து அனுப்பியிருக்கிறார். அதை எப்படிச் சுருக்குவது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் நிறுத்தாமல் ஒருமுறை கேளுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது நடக்கும் வேலை, தொடர்பு, சிக்கல் என்று மூன்று பக்கமாகப் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு வரியோடும் அது பதிவில் வரும் நிமிடத்தைக் குறியுங்கள்; சந்தேகம் வந்தால் அந்த இடத்தை மட்டும் திரும்பக் கேட்கலாம்.

"லாரி வரணும், மூட்டை வெளியில கிடக்கு" என்கிறார் என்று வையுங்கள். இது மூன்று பக்கத்துக்கும் உரியது. வேலையில், எத்தனை மூட்டை, எந்தத் தேதியில் பிடித்தது. தொடர்பில், லாரி அனுப்புபவர் யார், அவர் கிடைக்காவிட்டால் அடுத்து யார். சிக்கலில், மழை பெய்தால் அடிமூட்டை நனையும். வெயிலில் கிடந்தால் நெல் காய்ந்து எடை குறையும், அந்தக் குறைவு உங்கள் கணக்கில் நிற்கும்.

அதிகம் ஏமாற்றுவது எண்கள்தான். "ஈரப்பதம் இருபது வரைக்கும் எடுப்போம்" என்றிருப்பார். வழக்கமான வரம்பு 17 சதவீதம். மழையால் மத்திய அரசு தரும் தளர்வு அந்தப் பருவத்துக்கு மட்டுமே. ஆகவே ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் விதியா, தற்காலிக உத்தரவா, அவருடைய வழக்கமா என்று எழுதுங்கள். உத்தரவு நகலைப் பார்க்காமல் அந்த எண்ணை நம்பி நெல் பிடிக்காதீர்கள்.

அவர் ஊரை விட்டுப் போகும் முன் குறிப்பை அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். இருவருமாக மூட்டைகளை எண்ணி, இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.