விலையிலிருந்து தொடங்கும் வடிவமைப்பு

ஆன செலவோடு இலாபத்தைக் கூட்டிப் பொருளுக்கு விலை குறிப்பது வணிகர் பலரின் வழக்கம். புதிய பொருளை வடிவமைக்கும் சில நிறுவனங்கள் இக்கணக்கைத் திருப்பிப் போடுகின்றன. வாங்குவோர் தரக்கூடிய விலையை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து தாம் விரும்பும் இலாபத்தைக் கழிக்கின்றன. எஞ்சிய தொகைக்குள் பொருளை உருவாக்க வேண்டும். அத்தொகையே இலக்குச் செலவு.

இந்தியாவின் டாட்டா நானோ மகிழுந்து இதற்குத் தக்க சான்றாகும். மோட்டார் சைக்கிளில் செல்லும் குடும்பங்களுக்காக ஒரு லட்சம் ரூபாயில் கார் தரப்போவதாக ரத்தன் டாட்டா அறிவித்தார். விலை முடிவானபின்தான் கார் வரையப்பட்டது. பொறியாளர்கள் ஒவ்வொரு பாகத்தையும் கேள்விக்கு உட்படுத்தினர். இரண்டு உருளைகள் கொண்ட சிறிய இயந்திரம் பின்புறம் பொருத்தப்பட்டது. முன்கண்ணாடிக்கு ஒரே துடைப்பான்; சக்கரத்திற்கு மூன்று திருகுமரைகள் மட்டுமே. 2009-ஆம் ஆண்டு கார் விற்பனைக்கு வந்தது.

ஆயினும், செலவு தொழிற்சாலை வாசலோடு முடிவதில்லை. 2010-இல் சில நானோ கார்கள் தீப்பிடித்தன. விற்ற கார்களுக்கு நிறுவனம் கூடுதல் பாதுகாப்புப் பாகங்களை இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. 'மலிவான கார்' என்ற பெயரும் விற்பனையைப் பாதித்தது. 2018-இல் உற்பத்தி நின்றது. வடிவமைப்பு, உற்பத்தி, பழுதுபார்ப்பு, கைவிடுதல் என அனைத்துக் கட்டங்களின் செலவையும் சேர்த்துக் கணக்கிடுவதே வாழ்நாள் செலவுக் கணக்கு.

இவ்விரண்டு கணக்குகளும் சில வேளைகளில் முரண்படும். கிள்ளானில் ஒரு நிறுவனம், பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களுக்காக மாவரைக்கும் கிரைண்டர் ஒன்றை வடிவமைப்பதாகக் கொள்வோம். விலை 800 ரிங்கிட். இலாபம் 160 ரிங்கிட். எனவே இலக்குச் செலவு 640 ரிங்கிட். முதல் வரைபடத்தின்படி ஆகும் செலவோ 680 ரிங்கிட். 40 ரிங்கிட் குறைந்த மோட்டாரைப் பொருத்தினால் இலக்கை எட்டிவிடலாம். ஆனால், அது 100 வாட் கூடுதலாக மின்சாரம் இழுக்கும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் 0.4 யூனிட் கூடும். ஒரு யூனிட் 50 சென் எனில், நாளுக்கு 20 சென். 300 வேலை நாள்களுக்கு 60 ரிங்கிட். ஐந்தாண்டுகளில் உணவகத்துக்கு 300 ரிங்கிட் கூடுதல் செலவாகும். உத்தரவாதக் காலத்தில் பத்தில் ஒரு மோட்டார் எரிந்து, அதை மாற்ற 150 ரிங்கிட் ஆனால், கிரைண்டர் ஒன்றுக்குச் சராசரியாக 15 ரிங்கிட்டை நிறுவனமும் இழக்கும்.

ஆகவே, அந்த 40 ரிங்கிட்டை மோட்டாரில் குறைக்காமல், அரைப்பதற்கு உதவாத பளபளப்பான வெளியுறையிலும் அலங்காரப் பெட்டியிலும் தேடுவதே முறை. இத்தேடலை வரைபட நிலையிலேயே செய்தாக வேண்டும். அச்சுகள் வார்க்கப்பட்ட பின்னர் ஒரு பாகத்தை மாற்றினால், அம்மாற்றமே புதிய செலவாகிவிடும்.